உப்புப் பரணியை மட்டும் பார்க்காதீர்கள்: குமரிக் கடற்கரையில் வீடு வீடாகப் போகும் சகோதரிகளுக்கு

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் வேலை பார்க்கும் பெண் தன்னார்வலர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். குளச்சல் பக்கத்துக்காரி. 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நீங்கள் எங்கள் தெருக்களில் பிரஷர் மெஷினோடு நடப்பதைப் பார்க்கிறேன். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறீர்கள். இந்த மடல் மாத்திரையைப் பற்றியது அல்ல. கிளம்பும்போது வாசலில் நின்று சொல்கிறீர்களே, "உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று, அந்த ஒரு வரியைப் பற்றியது.

அதற்கு எங்கள் ஊர் அக்காமார் என்ன பதில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "உப்பா? நான் தொடுறதே இல்ல மக்களே. கறியில அரை உப்புதான் போடுதேன்." அவர்கள் பொய் சொல்லவில்லை. பரணியில் இருந்து கையால் அள்ளிப் போடும் உப்பை அவர்கள் நிஜமாகவே குறைத்திருக்கிறார்கள். ஆனால் கருவாட்டோடும் ஊறுகாயோடும் பப்படத்தோடும் வீட்டுக்குள் வருகிற உப்பை அவர்கள் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

ஒரு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுப் பெண், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், கறியில் அரை உப்பு போடுகிறவர். காலையில் பழங்கஞ்சி, அதில் நாலு கல்லுப்பு: ஒரு கிராம். தொட்டுக்கொள்ள அடுப்பில் சுட்ட ஒரு துண்டு வாளைக் கருவாடு, பதினைந்து கிராம் எடை இருக்கும். உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டின் எடையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை உப்பாகவே இருக்கலாம். நடுவில் வைத்தால் அந்தத் துண்டில் இரண்டேகால் கிராம். மதியம் சோறு, அரை உப்பு போட்ட மீன்கறி, துவரன், எல்லாம் சேர்த்து இரண்டு கிராம். இரண்டு பப்படம் அரை கிராம். ஒரு சின்னக் கரண்டி மாங்காய் ஊறுகாய் முக்கால் கிராம். சாயங்காலம் சாயாவோடு ஒரு கை மிக்சர் அரை கிராம். ராத்திரி தோசையும் சட்னியும் ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், எட்டரை கிராம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரம்பும் அதே ஐந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. இந்த அக்கா கறியில் பாதியைக் குறைத்த பிறகும் எட்டரையில் நிற்கிறார். மீன்கறி உப்பை இன்னும் பாதியாக்கினால் அதிகம் போனால் ஒரு கிராம் மிச்சமாகும், சோறு இறங்காது. காலைக் கருவாட்டுத் துண்டு ஒன்றைச் சரிப்படுத்தினாலே அதைவிடக் கூடுதல் மிச்சம், நாக்கும் சண்டைக்கு வராது.

எல்லா வீட்டுக் கணக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கருவாடு வாங்கும் இடத்தைப் பொறுத்து உப்பு மாறும், துண்டின் அளவு மாறும். ஆனால் கடற்கரை வீடுகளில் கருவாட்டைத் தொடாமல் உப்பைக் குறைக்க முடியாது. மூன்று வேளையும் மீன் மணக்கும் வீட்டில் "கருவாடே கூடாது" என்று சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. கருவாடு நல்ல புரதம், விலை குறைவு, சீசன் இல்லாத நாளில் கைகொடுப்பது அதுதான்.

சரி, அப்படியானால் கருவாடு போடும் அக்காமாரிடம் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லலாமே என்று தோன்றும். இந்த யோசனையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், தயவுசெய்து சொல்லாதீர்கள். உப்பு அங்கே ருசிக்காகப் போடப்படுவதில்லை. மீனுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து, கிருமி வளர விடாமல் நிறுத்துவது அதுதான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வெயிலை நம்பி இருக்க முடியாத மாதங்கள் அதிகம். வெயில் குறைந்தால் உப்பு கூடத்தான் வேண்டும். தடித்த மீனில் உப்பையும் குறைத்து வெயிலும் கிடைக்காமல் போனால் உள்சதை கெடும், ஈ மொய்க்கும், சூரை மாதிரி மீனில் அரிப்பும் தடிப்பும் வரவழைக்கிற ஹிஸ்டமின் சேரும். அது சமைத்தாலும் போகாது. ஆகவே போடுகிற இடத்தில் உப்பு இருக்கட்டும். அதை வெளியே எடுக்க வேண்டிய இடம் நம் அடுக்களை.

ஒரே ஒரு விதிவிலக்கு நெத்தோலி. சின்ன மீன் என்பதால் நல்ல வெயிலில் உப்பிடாமலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். உப்பிட்டதும் விற்கிறார்கள், உப்பிடாததும் விற்கிறார்கள். கருவாட்டுக்காரியிடம் "உப்பு போடாத நெத்தோலி இருக்கா?" என்று கேட்டு, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து வாங்கலாம். உப்புப் பொருக்கு வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது உப்பிட்டது. பிரஷர் உள்ள வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கருவாடு என்றால், அதில் இரண்டு நாள் இந்த நெத்தோலியாக இருந்தாலே பெரிய வித்தியாசம். மணலில் காயப்போட்டதாக இருக்கும், நாலு தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

மற்ற கருவாட்டுக்கு ஊறவைப்பதுதான் வழி. எல்லோரும் ஊறவைக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் செய்கிற விதத்தில் பாதி உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. சின்னக் கிண்ணத்தில், கருவாடு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, "நல்லா ஊறிச்சு" என்பார்கள். அதில் என்ன நடக்கிறது? கருவாட்டுக்குள் இருக்கும் உப்பு தண்ணீருக்குள் இறங்கும், வெளித் தண்ணீரும் உள் தண்ணீரும் ஒரே உப்புக்கரிப்புக்கு வரும் வரை. வந்ததும் நின்றுவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இறங்காது.

கணக்காகப் பார்த்தால் புரியும். நூறு கிராம் கருவாடு, உள்ளே பதினைந்து கிராம் உப்பு. ஊறி முடியும்போது அதற்குள் சுமார் நூறு மில்லி தண்ணீர் இருக்கும் என்று வைப்போம். வெளியே நூறு மில்லி மட்டும் விட்டால், உப்பு இரு பக்கமும் சமமாகப் பிரியும். உள்ளே ஏழரை கிராம் தங்கும். அறுநூறு மில்லி ஒரே தடவையாக ஊற்றினால் உள்ளே இரண்டு கிராம் சொச்சம் தங்கும். அதே அறுநூறு மில்லியை இருநூறு இருநூறாக மூன்று தடவை மாற்றினால், முதல் தண்ணீரில் ஐந்துக்கு வரும், இரண்டாவதில் ஒன்றேமுக்காலுக்கு, மூன்றாவதில் அரை கிராமுக்கு. தண்ணீர் அதே அளவு, உள்ளே தங்கும் உப்பு மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

இது முழுதாக ஊறிச் சமநிலைக்கு வந்தால் கிடைக்கும் கணக்கு. அடுக்களையில் அந்த அளவுக்குப் போகாது, தடித்த துண்டின் நடுவில் இருக்கும் உப்பு வெளியே வர நேரம் பிடிக்கும். அதனால் இப்படிச் சொல்லிக் கொடுங்கள். முதலில் மேலே ஒட்டியிருக்கும் உப்பை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் துண்டை விரல் கனத்துக்கு நறுக்க வேண்டும். முழுத் துண்டாக ஊறவைத்து அப்புறம் நறுக்குவதுதான் எங்கள் ஊரில் பழக்கம், அதை மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம், கொட்டிவிட்டு இன்னொரு இருபது, இன்னொரு இருபது. சுறா, நெய்மீன் மாதிரி கனத்த கருவாட்டுக்கு அரை அரை மணி நேரம். ராத்திரி முழுக்க வைக்க வேண்டுமென்றால் பிரிட்ஜில் வைக்கட்டும். நம் வெக்கைக்கு வெளியே வைத்தால், உப்பு இறங்கிய கருவாடு பச்சை மீன் மாதிரிக் கெட்டுப்போகும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? ஊறிய துண்டில் ஒரு நகத்தளவு பிய்த்து, கல்லில் வாட்டி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். வறுத்த பச்சை மீன் அளவுக்கு உப்பு இருந்தால் போதும். "சப்" என்று இருந்தாலும் கவலை இல்லை, குழம்பில் புளி சரிக்கட்டும். சோறு வேண்டும் வேண்டும் என்று இழுக்கிற உப்பு இருந்தால் இன்னொரு தண்ணீர். ஊறவைத்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, ருசி போய்விடும் என்று. அப்படி ஊற்றினால் இவ்வளவு வேலையும் வீண்.

குழம்பு வைக்கும்போது கடைசி வரை தனியாக உப்புப் போடாமல், இறக்குவதற்கு முன்பு ருசி பார்த்துத் தேவையென்றால் போடச் சொல்லுங்கள். கருவாட்டோடு கத்தரிக்காய், முருங்கைக்காய், பச்சை மாங்காய், மரச்சீனிக் கிழங்கு என்று ஏதாவது நிறையச் சேர்த்தால், கருவாட்டில் மிஞ்சிய உப்பு குழம்பு முழுக்கப் பரவும், ஒரு ஆள் தட்டுக்கு வருவது குறையும். குடம்புளியும் நசுக்கிய சின்ன உள்ளியும் நல்லமிளகும் உப்பின் குறையை நாக்கில் தெரியவிடாது. இதெல்லாம் அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் நமக்குச் சொல்லித்தருவார்கள்.

சுட்டுத் தின்பதுதான் சிக்கல். கஞ்சிக்குக் கருவாட்டை அப்படியே கனலில் போட்டு எடுப்பார்கள், ஊறவைக்கவே மாட்டார்கள். சுட்டால் தண்ணீர் போகும், உப்பு ஒரு துளியும் போகாது. ஊறவைத்த துண்டை வெயிலிலோ தோசைக்கல்லிலோ கொஞ்சம் ஈரம் போக வாட்டிவிட்டுச் சுட்டால் அதே மொறுமொறுப்பு வரும். அதற்கும் மனம் வரவில்லை என்றால் ஒரு உடன்பாட்டுக்கு வரலாம்: சுட்ட கருவாடு உள்ள நாளில் கஞ்சிக்கு உப்பு கிடையாது, ஊறுகாயும் கிடையாது. கருவாடே கஞ்சிக்கு உப்பு. நான் பார்த்த வரை, கிராம் கணக்கைவிட இந்தப் பேச்சு ஆண்களிடம் நன்றாக எடுபடுகிறது.

பப்படத்துக்கு வருகிறேன். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உப்பில் நாம் பயப்படுவது சோடியத்துக்கு. உப்பின் எடையில் சுமார் 40 சதவீதம் சோடியம். பப்படம் பொரிவதற்காக மாவில் சேர்க்கும் காரம், சோடியம் கார்பனேட்டாக இருந்தால், அதன் எடையில் 43 சதவீதம் சோடியம். சமையல் சோடாவிலும் 27 சதவீதம் உண்டு. இரண்டும் நாக்கில் உப்பாகக் கரிக்காது. அதனால் "இந்தப் பப்படத்தில் உப்பே இல்லை" என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணெயில் பொரிக்காமல் சுட்டால் எண்ணெய்தான் மிச்சம், சோடியம் அப்படியே இருக்கும். ஆனாலும் பப்படத்தைப் பெரிய வில்லனாக்க வேண்டாம். ஒன்று தின்றால் கால் கிராம் உப்பு அளவுதான். கல்யாண வீட்டில் சோற்றில் நாலைந்தை நொறுக்கிப் பிசைகிறபோதுதான் அது கணக்கில் ஏறும். வீட்டில் ஆளுக்கு ஒன்று என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் மூச்சைக் கருவாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய் கருவாடு மாதிரியேதான். வருஷம் முழுக்க வைக்கிற ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூண்டை எண்ணெயில் போட்டு, உப்பும் புளிப்பும் குறைத்து வெளியே வைப்பது ஆபத்து, காற்றில்லாத இடத்தில் உயிரைக் குடிக்கிற விஷக் கிருமி வளர அதுவே இடம். எனவே பழைய ஊறுகாயை அதன் உப்போடு இருக்க விட்டு, அளவைக் கரண்டியில் இருந்து கரண்டி நுனிக்குக் குறைக்கலாம். உப்புமாங்காயை நறுக்கி இரண்டு தண்ணீரில் போட்டெடுத்துப் பச்சைமிளகாயும் தேங்காயும் சேர்த்து அரைத்தால் நல்ல சம்மந்தி. அதற்குத் தனி உப்பு வேண்டாம். பச்சை நெல்லிக்காயோ மாங்காயோ அப்போதைக்கப்போது நறுக்கி, கொஞ்சமாக உப்பும் மிளகாயும் பிரட்டிப் பிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்ப்பது இன்னும் நல்லது.

பாக்கெட் சாமான்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் ஒன்று காட்டிக்கொடுங்கள். பாக்கெட்டின் பின்னால் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை 400 ஆல் வகுத்தால் உப்பு எத்தனை கிராம் என்று வரும். உடனடி நூடுல்ஸ் ஒரு பாக்கெட்டில் 1,000 மில்லிகிராம் அளவில் இருப்பது சகஜம், அதாவது இரண்டரை கிராம் உப்பு, ஒரு குழந்தைக்கு ஒரே வேளையில். மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டால் உப்பும் ஏறக்குறையப் பாதியாகும், ஏனென்றால் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பாக்கெட்டில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கிறதா, ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் ஏமாறுவோம்.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். "உப்பு குறைக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டுல எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதில் வரும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் எட்டு கிராமுக்கு மேல். இது பரணி உப்பு மட்டும், கருவாடு இதில் சேராது. மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் கொஞ்சம் போயிருக்கும், அதைக் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் ஒரு கிலோ இரண்டு மாதம் வந்தால் ஆளுக்கு நாலு கிராம். அந்த வீட்டில் பரணியை விட்டுவிட்டுக் கருவாட்டைப் பற்றிப் பேசலாம். "கருவாடு வாரத்துல எத்தனை நாள், எத்தனை தண்ணி மாத்துவீங்க, சுடுவீங்களா குழம்பா?" இந்த இரண்டு கேள்வியின் பதிலையும் நோட்டில் ஒரு வரியாக எழுதி வைத்தால், மூன்று மாதம் கழித்துப் போகும்போது பிரஷரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். பிரஷர் உள்ளவர் தினம் நாலு கிராம் உப்பைக் குறைத்தால் மேல் அளவு சராசரியாக ஐந்து புள்ளி அளவுக்கு இறங்கும். நல்ல பலன்தான், ஆனால் 170-ல் இருப்பவரை 130-க்குக் கொண்டுவராது. "உப்பைக் குறைச்சாச்சு, மாத்திரை எதுக்கு" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. அந்த வாசலிலேயே மறுத்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கடையில் இருந்து வாங்கி வரும் மாற்று உப்புகள். இந்துப்பு, கருப்பு உப்பு எல்லாம் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. அயோடின் சேர்க்காததும் நிறைய. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு வகை. சீனக் கிராமங்களில் அதை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது, பக்கவாதம் குறைந்தது. ஆனால் கிட்னி பழுதானவர்களுக்கு அது ஆகாது, பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குலைக்கும். எனாலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உங்கள் பையில் இருக்கும் மாத்திரைகளில் இவை இருக்கலாம் என்பதால்தான் பெயரோடு எழுதுகிறேன். நீரிழிவு உள்ளவருக்குக் கிட்னிப் பரிசோதனை செய்து பார்க்காமல் இந்த உப்பைச் சிபாரிசு செய்ய வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்திருப்பவரிடமும் உப்பைக் குறைக்கச் சொல்லும் நாள் அது அல்ல. அன்றைக்கு ஓஆர்எஸ் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, காலத்தைப் பற்றி. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் நிற்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பச்சை மீன் விலை ஏறும், கருவாடு சட்டிக்கு வரும், தடை முடியும் வரை அதுதான். அந்த மாதங்களில் பிரஷர் ஏறியிருப்பதைப் பார்த்தால் உடனே மாத்திரையைக் கூட்டச் சொல்லி அனுப்புவதற்கு முன், அந்த வீட்டில் இப்போது கருவாடு எத்தனை நாள் என்று கேட்டு, அதையும் எழுதி டாக்டரிடம் அனுப்புங்கள். தடை தொடங்குவதற்கு முந்தைய சுற்றில், சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் பாதிக்கு முன்பே, குளச்சல் பக்கம் மே மாதத்திலேயே, மூன்று தண்ணீர் மாற்றும் விதத்தை ஒரு வீட்டு அடுக்களையில் செய்துகாட்டி, அக்கம்பக்கத்து நாலு பேரைக் கூப்பிட்டு ஊறிய துண்டை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், கருவாடு என் செலவு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உணவு ஆலோசகர்,
குளச்சல் வட்டாரம்